ஒன்றரை மணிக்கு ரீஸ்டார்ட்

ஏற்காடு பஜாரில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. பிளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கிடைக்கும். மூன்றுக்கும் உழைப்பு ஒன்றுதான். கல்யாணக்காரன் பத்து தடவை திருத்துவான், அரசியல்காரன் இருபது தடவை திருத்துவான், செத்தவன் மட்டும் ஒரு தடவைகூடத் திருத்தமாட்டான். அதனால் அஞ்சலி வேலை எனக்குப் பிடிக்கும். இப்படிச் சொன்னால் என் பெண்டாட்டி முறைப்பாள். முறைக்கட்டும்.

கடையில் என் மச்சினன் பங்காளி. பெண்டாட்டியின் தம்பி, நாற்பதை நெருங்குகிறான், நாகலூரில் வீடு. அவனுக்கு பிரிண்டர், பிரேம், லேமினேஷன். எனக்கு கம்ப்யூட்டர். இந்தப் பங்கீட்டில் ஒரே குறை, சில நேரம் அவன் கம்ப்யூட்டரைத் தொடுவான்.

எங்கள் கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது மெயின் சுவிட்சைப் பிடுங்கிவிடுவோம். மலையில் இடி விழுவதைக் கீழே சேலத்தில் இருப்பவனுக்குச் சொன்னால் புரியாது. ஒரு சித்திரை மழையில் பிரிண்டர், மோடம், கடிகாரம் மூன்றும் ஒரே இடியில் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து மெயின் இல்லாமல்தான் கடை தூங்கும். பஜாரில் பாதிப் பேர் இப்படித்தான்.

இந்தப் பழக்கத்துக்கும் விண்டோஸ் அப்டேட்டுக்கும் ஜென்மப் பகை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்டேட் தானாகவே இறங்கிக்கொள்ளும். ஆனால் வேலை முடிய கம்ப்யூட்டர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆக வேண்டும். எப்போது ஆகட்டும் என்று அது நம்மைக் கேட்கும். நாம் பதில் சொல்லாவிட்டால் தானே ஒரு நேரம் பார்த்துக்கொள்ளும். பட்டப்பகலில் ஆகித் தொலைக்காமல் இருக்க என்ன செய்வது என்று சேலத்து சர்வீஸ்காரரிடம் போனில் கேட்டேன்.

"ஆக்டிவ் அவர்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்க. நீங்க வேலை செய்யற நேரத்த அதுல போட்டுருங்க. அந்த நேரத்துல அது தானா ரீஸ்டார்ட் ஆவாது. கவலையே வேண்டாமுங்க."

செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய், அதன் கூடுதல் அமைப்புகளில் தேடிக் கண்டுபிடித்துக் காலை ஆறு முதல் ராத்திரி பதினொன்று வரை என்று போட்டேன். இருபத்துநாலு மணி நேரமும் போடலாமா என்று பார்த்தேன். விடவில்லை. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாதாம். மனுஷன் ஆறு மணி நேரமாவது தூங்குவான் என்று அங்கே எவனோ நல்ல மனசோடு நினைத்திருக்கிறான். தானாகவே நம் பழக்கத்தைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் இருந்தது. என் பழக்கத்தை இன்னொருத்தன் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று அதை அணைத்துவிட்டேன்.

ஆக, ராத்திரி பதினொன்றிலிருந்து விடியற்காலை ஆறு வரை அது தாராளமாக ரீஸ்டார்ட் ஆகலாம். நல்ல ஏற்பாடு. அந்த நேரத்தில் எங்கள் கடையில் கரண்டே இருக்காது என்பதைத் தவிர.

சர்வீஸ்காரர் மெயின் சுவிட்சைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தன் கம்ப்யூட்டருக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று எவன் போய் ஊருக்குச் சொல்லுவான்?

இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. கடை மூடும்போது அணைக்கும் மெனுவில் "அப்டேட் செய்து அணை" என்றும் வரும், வெறும் "அணை" என்றும் வரும். முதலாவதை அமுக்கினால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மச்சினனுக்கு நாகலூர் கடைசி பஸ் போய்விடும். அதனால் அவன் கை எப்போதும் இரண்டாவதுக்குத்தான் போகும். அணைப்பான், மெயினைப் பிடுங்குவான், பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அப்டேட் பாட்டுக்கு வாசலில் நிற்கும், கல்யாண வீட்டில் அழையாத சொந்தக்காரன் மாதிரி.

நிற்பது சும்மா நிற்காது. திரையின் வலது கீழ் மூலையில் வந்து ஒரு பெட்டி போடும். ரீஸ்டார்ட் வேண்டும், இப்போதா, பிறகா, நேரம் குறிக்கிறீர்களா? எங்கள் பழைய படம் வெட்டும் மென்பொருளில் லேயர் பட்டியல், அதாவது படத்தின் அடுக்குகள், இருப்பது சரியாக அதே வலது கீழ் மூலையில். படத்தில் ஒருத்தரின் தலைமுடியைப் பின்னணியிலிருந்து வெட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து பட்டியலை மறைக்கும். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லுவேன். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன். ஒன்று முதல் இரண்டு வரை தினமும் போவேன், வீடு பின் தெருவில்தான். நான் இல்லாத நேரத்தில் மச்சினன் அந்தப் பெட்டிக்கு முடிவு கட்டியிருக்கிறான். நேரம் குறி என்பதை அமுக்கி, நாளை மதியம் ஒன்றரை மணி என்று போட்டுவிட்டான். அவன் கணக்கு சுத்தமான கணக்கு. ராத்திரி கரண்ட் கிடையாது. பகலில் நான் நாற்காலியை விட்டு எழும் ஒரே நேரம் சாப்பாட்டு நேரம். பின்னே வேறு எப்போது ஆகும்? நாமே நேரம் குறித்துக் கொடுத்தால் ஆக்டிவ் அவர்ஸை அது பார்க்காது, குறித்தபடி செய்துவிடும். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தான். என்னிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த நாளை வந்தது.

காலையில் கடை திறந்ததும் ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. தலையில் கறுப்புச் சால்வை, கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் பேத்தியின் போன். அவர் தம்பி ராத்திரி நெஞ்சு வலியில் போய்விட்டார். அதே எஸ்டேட்டில் களத்தில் காப்பி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்.

"சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கமுங்க சாமி. ஒரு போட்டோ வேணும். பொட்டிக்கு முன்னால தூக்கிட்டுப் போறதுக்கு."

"குடுங்கம்மா, இருக்கறதுல நல்லதா ஒண்ணு."

"ஒண்ணுதானுங்க இருக்குது."

காட்டினார். அது யாரோ ஒரு உறவுக்காரர் கல்யாணத்துப் பந்தி. இலைக்கு முன்னால் இவர் உட்கார்ந்திருக்கிறார். வாய் நிறைய பிரியாணி. இடது கன்னம் எலுமிச்சம்பழம் ஒளித்துவைத்த மாதிரி உப்பியிருக்கிறது. கண் மட்டும் காமிராவைப் பார்க்கிறது, யாருடா அது என்பது போல.

"வேற?"

"போட்டோ எடுக்கறாங்கன்னாலே எந்திரிச்சுப் போயிருவானுங்க. சோறு போட்டிருந்ததால அன்னிக்கு எந்திரிக்கல."

ஓட்டர் அட்டை? இருந்தது. அதில் இருந்தது அவரா, காப்பி மூட்டையா என்று சொல்ல முடியவில்லை. ஆக, இந்த ஒரு படம். நாலு மணிக்குள் வரவில்லை என்றால் அந்த மனுஷன் முகம் இல்லாமல் குழிக்குப் போவார். அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்தேன். அந்த அம்மா என் பின்னால் ஸ்டூலைப் போட்டுத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். டிசைன் கடையில் வாடிக்கையாளர் இப்படித்தான் உட்காருவார்கள். மூச்சு நம் காதில் படும்.

பந்தியிலிருந்து ஆளைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை எடுத்தேன். நெற்றியில் விழுந்த ட்யூப்லைட் வெளிச்சத்தைத் தணித்தேன். பிறகு கன்னம். மற்றக் கன்னத்தை எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தால் மனுஷன் இரட்டைப் பிறவி மாதிரி ஆகிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்குது சாமி."

"தெரியுதும்மா."

"சோறுன்னா அவனுக்கு உசுருங்க."

இதற்கிடையில் அந்த அம்மாவின் பையன் எஸ்டேட்டிலிருந்து போன் மேல் போன். "கோட்டு போடச் சொல்லும்மா. டையும் போடச் சொல்லு. பாதிரியார் வர்றாரு, எஸ்டேட் தொரை வர்றாரு." போட்டேன். என்னிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருக்கிறது. மலையில் பாதிப் பேர் அதே கோட்டில்தான் சொர்க்கத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தேன், ஒரு தடவைகூடச் சேவ் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவன் என் கம்ப்யூட்டரில் ஒரு நாள் உட்காரட்டும். பிரேம் அளவுக்கு இத்தனை லேயரோடு சேவ் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம், அதுவரை மவுஸ் அசையாது. அந்த மென்பொருள் தானாகச் சேவ் செய்யாத பழைய காலத்துச் சரக்கு. அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் கடைசியில் ஒரே சேவ். யு.பி.எஸ். இருக்கிறது, கரண்டுக்குப் பயமில்லை. பகலில் ரீஸ்டார்ட் ஆகாது, ஆறு முதல் பதினொன்று வரை நானே போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?

மணி ஒன்று ஆனது. நான் சாப்பிடப் போகவில்லை. மச்சினன் பிரேம் வாங்க வெளியே போயிருந்தான். படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

"நீங்க இந்தச் சேர்ல உக்காந்து நல்லா பாருங்கம்மா. கன்னம் சரியா இருக்குதான்னு சொல்லுங்க. நான் போர்டு வெட்டிட்டு வந்துர்றேன்."

பின்னால் போய் பிரேமுக்கு அட்டை வெட்டினேன். முடித்து வரும்போது அந்த அம்மா திரையில் தம்பியின் முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். திரையில் விரல் வைத்தால் எல்லாரையும் திட்டுவேன். அன்று திட்டவில்லை. அட்டையை மேஜையில் வைத்தேன்.

திரை நீலமாகிவிட்டது.

கேட்கவில்லை, கொள்ளவில்லை. சேவ் செய்யவா என்று ஒரு வார்த்தை இல்லை. தம்பி போனார், கோட்டுப் போனது, கன்னம் போனது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று எழுத்து. சதவீதம் பூஜ்யம்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை பழக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

"யாரு தொட்டது? யாரு என்னத்தத் தொட்டது?"

"நான்தானுங்க," என்றார் அந்த அம்மா. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால என்னமோ ஒரு பொட்டி வந்துச்சுங்க சாமி. இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. அவன் தோளையும் மொகத்துல பாதியையும் மறைச்சுருச்சு. பேத்தி போன்ல சொல்லிக் குடுத்துருக்கா, குறுக்குக் கோட்டை அமுத்துனா போயிரும்னு. அமுத்துனேன், போயிருச்சு."

இன்னும் கால் மணி நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகப்போகிறேன் என்று அது நியாயமாக வந்து சொல்லியிருக்கிறது. தம்பி முகத்தை மறைத்தது என்று அக்காள் துரத்திவிட்டார். இதில் யாரைப் போய் நான் திட்டுவது? என் ஆத்திரத்துக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது, நல்லவேளையாக மச்சினன் பிரேமோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, ஊட்டுக்குப் போகலீங்களா? மணி ஒன்றரையாச்சே!"

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். முகம் மாறியது.

"டேய். ஒன்றரைக்கு என்னடா?"

"நான்தான் மாமா போட்டேன். அந்தப் பொட்டி வர்றப்பெல்லாம் நீங்க பேசற பேச்சு கேக்க முடியல. லேடீஸ் கஸ்டமர் வர்ற கடை. நீங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து வெச்சேன்."

"எங்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா அதுக்கும் அதே பேச்சுத்தான பேசுவீங்க?"

அடிக்கலாம் என்றால் அவன் அக்காள் எனக்குச் சோறு போட மாட்டாள்.

அவன் பிராயச்சித்தமாக மெயின் சுவிட்ச் பக்கம் போனான். எங்கள் கடையின் சர்வரோக நிவாரணி. "யு.பி.எஸ்ஸையும் சேத்துப் பிடுங்கிட்டுத் திரும்பப் போட்டா பழையபடி வந்துரும் மாமா." கையைப் பிடித்து இழுத்தேன். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் மொத்தக் கம்ப்யூட்டரும் எழுந்திருக்காமல் போகலாம். அப்புறம் அதற்கும் ஒரு அஞ்சலிப் படம் வேண்டும், அதைச் செய்யக் கம்ப்யூட்டர் இருக்காது. கடையில் இன்னொன்று இருக்கிறது, ஆதார் பிரிண்டுக்கும் ஜெராக்ஸுக்கும். அதில் படம் வெட்ட ஒன்றும் கிடையாது.

ஆக, மூன்று பேரும் உட்கார்ந்து சதவீதம் பார்த்தோம். வாரக்கணக்கில் வாசலில் நிற்கவைத்த அப்டேட். எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக உள்ளே வந்துகொண்டிருந்தது, நிதானமாக, பல்லக்கில் வருகிற மாதிரி.

"எத்தனைங்க ஆச்சு?" என்பார் அந்த அம்மா.

"இருபத்தேழும்மா."

அவர் பையன் போன் செய்வான். "ஆச்சாம்மா?"

"இருபத்தேழு ஆச்சு."

"என்னது இருபத்தேழு?"

"எனக்கென்னடா தெரியும்? நூறு ஆகணுமாம்."

முப்பதில் நின்றுவிட்டது. முப்பதிலேயே ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தார். மச்சினன் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டான், கோயிலில் நிற்கிற மாதிரி. நான் சிரித்திருப்பேன், சிரிக்கிற நிலையில் இல்லை. நூறு வந்தது. வந்ததும் இன்னொரு தடவை அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி புள்ளிகள். கடைசியில் டெஸ்க்டாப் வந்தபோது மூன்று மணி நெருங்கிவிட்டது. நாகலூர் போக நேரம் வேண்டும். பிரிண்டும் பிரேமும் போக என் கையில் மிஞ்சியது சில நிமிஷம்.

அதில் என்ன செய்ய முடியும்? ஆளைப் பந்தியிலிருந்து பிரித்தேன், முழங்கையை எடுத்தேன், பின்னால் வெளிர்நீலம் போட்டேன். சேவ் போட்டேன். அதில் மூன்று நிமிஷம் போனது, போகட்டும் என்று விட்டேன். கோட்டுக்கு நேரமில்லை. கன்னத்துக்கு நிச்சயமாக நேரமில்லை.

"அம்மா, கன்னம் அப்படியேதான் வரும். நாலு மணி அடக்கமுன்னா இதுதான். இல்லீன்னா படமே கெடயாது."

பாதிரியார் வருகிறார், துரை வருகிறார், பையன் கோட்டு கேட்டிருக்கிறான். சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு மனுஷன் வாய் நிறையப் பிரியாணியோடு போகப்போகிறார். அந்த அம்மா திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை, நேரம் அவருக்கும் தெரியும்.

"சாப்பிட்டுக்கிட்டே போகட்டும் சாமி. பிரிண்ட் போடுங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. ஜீப் பிடித்தோம். பிரேமை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். கடையில் உட்கார்ந்தால் அந்தக் கம்ப்யூட்டரை உடைத்துவிடுவேன் என்று எனக்குப் பயம். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கத் தயாராக நின்றிருந்தார்கள். பையன் ஓடிவந்து பிரேமைப் பார்த்தான்.

"கோட்டு எங்கீங்க? என்னங்க இது, மாமா சாப்பிட்டுட்டு இருக்காரு?"

"உங்க மாமா கோட்டு போட்டு எப்படா பாத்த?" என்றார் அந்த அம்மா. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கறதப் பாத்துருக்கறயல்ல? தூக்கு."

தூக்கினான். வரிசையில் நின்ற எஸ்டேட் ஆட்கள் ஒவ்வொருவராகப் படத்தைப் பார்த்தார்கள். கிழவர் ஒருவருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "இவந்தான், இவந்தான்" என்று சொல்லிக்கொண்டே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பாதிரியாரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். பனி இறங்குவதற்குள் அடக்கம் முடிந்தது.

அதற்குப் பிறகு கடையில் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பெட்டி வந்தால் யாரும் மூடக்கூடாது, யாரும் தன் இஷ்டத்துக்கு நேரம் குறிக்கக்கூடாது. பெட்டி வந்த அன்றே, ஷட்டர் இறக்கிய பிறகு வருகிற ராத்திரி எட்டு மணி என்று குறிப்போம், இரண்டு பேருக்கும் தெரிந்து. அது முடியும் வரை மெயின் பிடுங்குவதில்லை. முடிந்ததைப் பார்த்துவிட்டுப் பிடுங்குவது என் வேலை, ஏனென்றால் கடைசி பஸ் மச்சினனுக்குத்தான், எனக்குச் சாப்பாடுதான் ஆறும். இடி இருக்கிற நாளில் மறுநாளைக்குத் தள்ளுவோம். ஆக்டிவ் அவர்ஸ் ஆறு முதல் பதினொன்று வரை இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் தப்பில்லை. கரண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வேலை செய்யச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம். இந்தப் பாவம் என்கிற வார்த்தையை ஒரு கம்ப்யூட்டருக்கு நான் செலவழித்தது அந்த ஒரு தடவைதான்.

வருஷம் திரும்பியதும் அந்த அம்மா நினைவு அட்டை அடிக்க வந்தார். அதே ஸ்டூல், அதே தோள், அதே மூச்சு. சேவ் செய்த படம் இருந்தது, எடுத்தேன்.

"இப்ப நேரம் இருக்குதும்மா. கன்னத்தச் சரி பண்ணிரலாமுங்களா? கோட்டும் போடலாம்."

"அந்தக் கன்னத்துல கைய வெச்சீங்க, பாருங்க."

வைக்கவில்லை. பெயரும் பைபிள் வசனமும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். மூலையில் பெட்டி முளைத்தது. அவர் தம்பியின் கன்னத்தில் சரிபாதியை மறைத்துக்கொண்டு.

பின்னால் இருந்து குரல் வந்தது. "சாமி, அது வந்துருச்சுங்க. நான் தொடல. இந்தத் தடவ நான் தொடவே இல்ல."

முதலில் சேவ் போட்டேன். மவுஸ் அசைகிற வரை இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் எட்டு மணி என்று குறித்து, உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பெட்டி போனது. கன்னம் திரும்ப வந்தது.